வீட்டை விட்டுப் போன கணவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்: மதுரையில் நடந்த ஜீவனாம்ச வழக்கின் ஆய்வு

(சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பின்னணி

மனைவிக்கு 32 வயது, கணவருக்கு 37. திருமணமாகி 11 ஆண்டுகள். 9 வயதில் ஒரு மகள், 5 வயதில் ஒரு மகன். மதுரை வில்லாபுரத்தில் 5,500 ரூபாய் வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். கணவர் கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தவர். மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்தும் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தும் மாதம் 3,000 ரூபாய் அளவில் சம்பாதித்தார்.

2024 மே 26 அன்று வாய்த்தகராறு முற்றி, கணவர் தன் துணிமணியையும் பைக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் செக்கானூரணி பக்கம் இருந்த தன் தாய் வீட்டில் தங்கினார். ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

போன கையோடு அவர் பணத்தை நிறுத்திவிடவில்லை. ஜூன் மாதம் 10,000, ஜூலையில் 6,000, ஆகஸ்டில் 3,000 ரூபாய் மனைவியின் கணக்குக்கு அனுப்பினார். செப்டம்பரில் ஒன்றும் வரவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் இரண்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு முறையும் “தீபாவளி கழியட்டும், பார்ப்போம்” என்பதே பதிலாக வந்தது. அக்டோபர் முதல் வாரம் மனைவியும் அவருடைய அண்ணனும் சட்ட உதவி கேட்டு வந்தார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் அவருக்கு ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார்.

கையில் இருந்த ஆதாரங்கள்

மனைவி ஒரு மஞ்சப்பையில் கொண்டு வந்தவற்றில் இரண்டு பொருள்கள் வழக்கு முழுவதையும் தாங்கின.

முதலாவது வங்கிப் பாஸ்புக். கணவர் அனுப்பிய 10,000, 6,000, 3,000 என்ற மூன்று வரவுகளும் அதில் தேதியோடு இருந்தன. பலர் இத்தகைய வரவுகளை மறைக்கப் பார்க்கிறார்கள், “அவர் பைசா கூடத் தரவில்லை” என்று எழுதச் சொல்கிறார்கள். அது தவறு. பொறுப்பைக் கணவரே ஒத்துக்கொண்டு மூன்று மாதம் கட்டினார், அதையும் காரணம் சொல்லாமல் குறைத்துக்கொண்டே வந்தார், கடைசியில் நிறுத்தினார் என்பதை அந்த மூன்று வரிகளை விடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

இரண்டாவது மகளின் பழைய கோடு போட்ட நோட்டு. அதன் பின்பக்கங்களில் பால், அரிசி, சிலிண்டர், பள்ளி வேன் என்று மனைவி தேதி போட்டுச் செலவு எழுதி வந்திருந்தார். இடையிடையே பிள்ளையின் வாய்ப்பாடும் கிடந்தது. வழக்குக்காக உட்கார்ந்து தயாரித்த கணக்கு அல்ல என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

அதிலிருந்து மாதச் செலவு இப்படி வந்தது: வாடகை 5,500, மளிகை, பால், சிலிண்டர் சேர்த்து 7,000, பள்ளிக் கட்டணத்தையும் வேனையும் மாதத்துக்குப் பிரித்தால் 3,200, மருந்து, துணி, மின்கட்டணம் 1,800. மொத்தம் 17,500 ரூபாய். தையல் வருமானம் 3,000-ஐக் கழித்தால் பற்றாக்குறை 14,500.

நோட்டீஸ் எதற்கு என்ற முடிவு

ஜீவனாம்ச மனு போட வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) அப்படி ஒரு முன்நிபந்தனை கிடையாது. இரண்டு ஆண்டு பிரிந்திருந்தால்தான் கேட்க முடியும் என்று அண்ணன் நினைத்திருந்தார். அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு, கைவிட்டதைக் காரணம் காட்டி இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கேட்பதற்கு உரியது. ஜீவனாம்சத்துக்கு அது பொருந்தாது. வசதியுள்ள கணவர் பராமரிக்கத் தவறினார் என்பதும், மனைவியால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியவில்லை என்பதும் போதும்.

அப்படியிருந்தும் இந்த நிகழ்வில் நோட்டீஸ் அனுப்ப முடிவானதற்குக் காரணம் கணவரின் நிலைப்பாடு என்னவென்று யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். பெரியவர்களிடம் ஒன்று சொன்னார், தாயிடம் வேறு சொன்னார். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும், வராவிட்டால் அந்த மௌனமே கேட்டும் தரவில்லை என்பதற்குச் சான்றாகும் என்று வழக்கறிஞர் கருதினார். கணவர் குடும்பத்தோடு தொடர்பை முழுதாக அறுத்துக்கொள்ளாததால், நீதிமன்றம் போகாமலே வழிக்கு வரவும் வாய்ப்பு இருந்தது.

நோட்டீஸை எழுதியது

முதல் வரைவை அண்ணனே ஒரு தட்டச்சுக் கடையில் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் மூன்று இடங்கள் மாற்றப்பட்டன.

முதல் இடம்: “கருத்து வேறுபாடு காரணமாக இருவரும் பிரிந்து வாழ்ந்து வருகிறார்கள்.” கேட்க நாகரிகமாக இருக்கும் இந்த ஒரு வரி வழக்கையே கவிழ்க்கும். பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று 144(4) சொல்கிறது. பின்னால் குறுக்கு விசாரணையில் “உங்கள் நோட்டீஸிலேயே இருவரும் பிரிந்து வாழ்வதாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்?” என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அந்த வரி இப்படி மாற்றப்பட்டது: “2024 மே 26 அன்று நீங்கள் எமது கட்சிக்காரரையும் இரு பிள்ளைகளையும் மேற்படி வீட்டில் விட்டுவிட்டு, எமது கட்சிக்காரரின் விருப்பத்துக்கு மாறாக வெளியேறினீர்கள். எமது கட்சிக்காரர் இன்றுவரை பிள்ளைகளுடன் அதே வீட்டில்தான் வசித்து வருகிறார்.” போனவர் யார், எந்தத் தேதியில், யாருடைய விருப்பம் இல்லாமல் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன.

இரண்டாம் இடம்: “எமது கட்சிக்காரருக்கு எவ்வித வருமானமும் இல்லை.” வாசலில் தையல் பலகை தொங்குகிற வீட்டைப் பற்றி இப்படி எழுதினால், கணவர் அதை ஒரு போட்டோ எடுத்தால் போதும். கொஞ்சம் சம்பாதிக்கும் மனைவிக்கும் ஜீவனாம்சம் உண்டு, முழுக்க நாதியற்றுப் போயிருக்க வேண்டியதில்லை என்பதை 2007-இல் சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே 3,000 ரூபாய் வருமானம் திறந்தே எழுதப்பட்டது.

மூன்றாம் இடம்: தொகை. அண்ணன் மாதம் 25,000 கேட்டிருந்தார். “இருபத்தஞ்சு கேட்டாத்தான் பத்தாச்சும் வரும்” என்பது அவர் கணக்கு. சந்தையில் அது செல்லும். நீதிமன்றத்தில் தொகைக்குப் பின்னால் கணக்கு இல்லாவிட்டால் மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும். கப்பலூரில் கணவர் வாங்கிய சம்பளமே 19,000 என்று பழைய பாஸ்புக் காட்டியது. எனவே 14,500 மட்டும் கேட்கப்பட்டது. அதுவும் மனைவிக்கு 6,500, பிள்ளைகளுக்குத் தலைக்கு 4,000 என்று பிரித்து எழுதப்பட்டது. மனைவியின் உரிமையை எந்தக் காரணம் சொல்லி மறுத்தாலும் பிள்ளைகளின் பங்கு தனியே நிற்கும் என்பதால் இந்தப் பிரிப்பு முக்கியம்.

பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு, மாதாமாதம் 5-ஆம் தேதி என்ற கெடு, பதிலுக்கு 15 நாள் அவகாசம் ஆகியவற்றோடு நோட்டீஸ் முடிந்தது. கணவரின் நடத்தை குறித்து அண்ணன் சேர்க்கச் சொன்ன சந்தேகங்கள் சேர்க்கப்படவில்லை. கையில் ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு பேச்சுவார்த்தையின் கதவை மூடுவதோடு சரி. பட்டறை முதலாளிக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. கணவரின் வேலை போனால் ஜீவனாம்சம் வரும் ஊற்றும் வற்றிவிடும்.

தபாலில் நடந்தது

அக்டோபர் 9 அன்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. முகவரியாகத் தாய் வீட்டைப் போட்டார்கள். கணவரின் ஆதார் அட்டையில் இருந்த முகவரி அதுதான். எட்டாம் நாள் உறை திரும்பி வந்தது. “முகவரியில் இல்லை, வெளியூர் சென்றுவிட்டார்” என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

திரும்பி வந்த உறையில் தபால்காரர் எழுதும் அந்தக் குறிப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். “வாங்க மறுத்தார்” என்றோ, அறிவிப்பு கொடுத்தும் வந்து வாங்கவில்லை என்றோ இருந்தால், சரியான முகவரிக்குப் போன தபால் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம். 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. “அங்கே இல்லை” என்ற குறிப்புக்கு அந்த அனுமானம் கிடைப்பது கடினம், ஏனென்றால் முகவரியே சரியில்லை என்றாகிவிடுகிறது. உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வைத்தார்கள்.

கோயம்புத்தூர் முகவரி கிடைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. தீபாவளிக்கு ஊருக்கு வந்த ஒரு சக தொழிலாளி வழியாகத் தங்கும் அறையின் முகவரி தெரிந்தது. நவம்பர் 4 அன்று அதே நோட்டீஸ் புதிய தேதியிட்டு மூன்று வழிகளில் போனது: அறைக்கு ஒன்று, தாய் வீட்டுக்கு ஒன்று, கணவரின் வாட்ஸாப்புக்கு ஒரு பி.டி.எஃப். வாட்ஸாப்பில் இரண்டு நீல டிக் விழுந்த திரை படமெடுத்து வைக்கப்பட்டது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும் என்பதால், அந்தச் செய்தி இருந்த போனை மாற்றவோ செய்தியை அழிக்கவோ கூடாது என்று மனைவியிடம் சொல்லப்பட்டது. அறைக்குப் போன தபாலைக் கணவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

கணவரின் பதில்

நவம்பர் 25 தேதியிட்டு ஒரு வழக்கறிஞர் வழியாகப் பதில் நோட்டீஸ் வந்தது. மூன்று விஷயங்கள் சொல்லப்பட்டிருந்தன. தன் சம்பளம் 18,000 மட்டுமே, அதில் பைக் தவணையும் கைக்கடனும் போகிறது. மனைவி தையலில் 15,000 சம்பாதிப்பதோடு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாயும் பெறுகிறார், அதை நோட்டீஸில் மறைத்திருக்கிறார். கோயம்புத்தூருக்கு வந்து தன்னோடு குடும்பம் நடத்தினால் பராமரிக்கத் தயார்.

இரண்டாவது விஷயத்தின் பின்பாதி உண்மை. மனைவிக்கு உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தது. அவர் மறைக்கவில்லை, அதை வருமானமாக அவர் நினைக்கவே இல்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவும் இல்லை. ஆயிரம் ரூபாய்தான் என்றாலும், திறந்த மனதோடு எழுதிய ஒரு நோட்டீஸில் எதிர்தரப்புக்குக் கிடைத்த ஒரே ஓட்டை அதுதான்.

மூன்றாவது விஷயம்தான் கனமானது. கணவர் தன்னோடு வந்து வாழ்ந்தால் பராமரிப்பதாகச் சொன்னால், மனைவி மறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். அழைப்புக்குப் பதிலே சொல்லாமல் விடுவதும், கோபத்தில் “வர மாட்டேன்” என்று எழுதுவதும் ஒரே அளவு ஆபத்து. மனைவியிடம் கேட்டபோது, “வீடு பாத்து வைக்கட்டும் சார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாக்கட்டும், நான் நாளைக்கே போறேன்” என்றார். அதையே மறுமொழியாக நவம்பர் 29 அன்று எழுதினார்கள்: எந்த முகவரியில் வீடு, எந்தத் தேதியில் குடியேறலாம், வருட நடுவில் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியில் இடம் என்று மூன்று கேள்விகள், பத்து நாள் அவகாசம். கூடவே உரிமைத் தொகை பெறுவதை ஒத்துக்கொண்டு கோரிக்கையை 13,500-ஆகக் குறைத்தார்கள். இந்த மறுமொழிக்குப் பதில் வரவே இல்லை. அவர் அப்போது மூன்று தொழிலாளர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தார்.

மனுவும் உத்தரவும்

2024 டிசம்பர் 16 அன்று மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் மனைவி முதல் மனுதாரராகவும், பிள்ளைகள் தாயைக் காப்பாளராகக் கொண்டு அடுத்த மனுதாரர்களாகவும் ஜீவனாம்ச மனு தாக்கலானது. கணவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் மனைவி வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்பதால் அலைச்சல் மிச்சம். அதே நாளில் இடைக்கால ஜீவனாம்ச மனுவும், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு கட்டாயமாக்கிய சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரமும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. இந்தப் பத்திரத்தைப் பிறகு தருவதாகச் சொல்லி மனுவை மட்டும் போட்டால் இடைக்கால மனு நகராது.

கணவரும் தன் பத்திரத்தோடு வங்கிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டி வந்தது. பதில் நோட்டீஸில் 18,000 என்றவரின் கணக்கில் மாதாமாதம் சராசரி 23,400 ரூபாய் சம்பளம் வரவாகியிருந்தது. எழுத்தில் முன்பே ஒரு தொகையைச் சொல்லி மாட்டிக்கொண்டதால் அவரால் இதை விளக்க முடியவில்லை. இங்குதான் நோட்டீஸ் அனுப்பியதன் பலன் தெரிந்தது. வருங்கால வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களை நீதிமன்றம் கழித்துப் பார்த்தது. பைக் தவணையை, அவராக ஏற்றுக்கொண்ட கடன் என்பதால், கழிக்கவில்லை.

2025 ஏப்ரல் நடுவில் இடைக்கால உத்தரவு வந்தது. மனைவிக்கு 4,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,500, மொத்தம் மாதம் 9,000 ரூபாய், மனு போட்ட தேதி முதல். நான்கு மாத நிலுவை 36,000-ஐ மூன்று தவணையில் கட்ட அனுமதி கிடைத்தது. பிறகு சமரச மையத்தில் நான்கு அமர்வுகள் நடந்து, ஆகஸ்டில் மாதம் 10,500 என்று ஒத்துக்கொண்டார்கள். மனுவுக்கு முந்தைய மாதங்களுக்காக 15,000 ரூபாய் ஒருமுறைத் தொகையும் தருவதாகக் கணவர் எழுதிக் கொடுத்தார். அந்த நிபந்தனைகளின்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அக்டோபர் தவணை வரவில்லை. நவம்பரில் நிறைவேற்று மனு போட்டதும், வாரண்டு வரும் முன்னரே இரண்டு மாதத் தொகையையும் கட்டினார். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க 144-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும். “மொத்தமாச் சேரட்டும்” என்று காத்திருப்பவர்கள் பழைய மாதங்களை வசூலிக்கும் இந்த வழியை இழக்கிறார்கள்.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

முதல் நோட்டீஸுக்கும் மனுவுக்கும் இடையே 68 நாள் ஓடியது. 144-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் மனு தேதியிலிருந்து கணக்காகும், நோட்டீஸ் தேதியிலிருந்து அல்ல. மாதம் 9,000 என்ற கணக்கில் அந்த 68 நாளின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல். சமரசத்தில் 15,000 கிடைத்தது கணவர் சம்மதித்ததால்தான். சம்மதிக்காவிட்டால், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி பழைய பாக்கிக்குத் தனியே உரிமையியல் வழக்கு போட்டு, மூன்று ஆண்டு வரையறைக்குள் கேட்டிருக்க வேண்டும். வாடகைக்கே கடன் வாங்கும் குடும்பத்துக்கு அது நடைமுறைக்கு ஒத்து வராது. இனி இதுபோன்ற நிகழ்வில் நோட்டீஸ் போகும் நாளிலேயே மனுவும் பிரமாணப் பத்திரமும் தயாராக இருக்க வேண்டும், பதினாறாம் நாள் தாக்கலாக வேண்டும். பேச்சுவார்த்தையை மனு நிலுவையில் இருக்கும்போதும் நடத்தலாம்.

அறை முகவரி தெரியும் வரை முதல் நோட்டீஸைத் தாய் வீட்டுக்கு மட்டும் அனுப்பியிருக்கக் கூடாது. வாட்ஸாப் எண் முதல் நாளே கையில் இருந்தது. அன்றே அனுப்பியிருந்தால் நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வருமானம் கேட்கும்போது “சம்பாத்தியம் எவ்வளவு?” என்று கேட்டதால் உரிமைத் தொகை விட்டுப்போனது. “உங்கள் கணக்கில் மாதாமாதம் எங்கிருந்தெல்லாம் பணம் வருகிறது?” என்று கேட்டு, ஓராண்டுப் பாஸ்புக்கை வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

தபால் முறையும் இப்போது மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே இனி நோட்டீஸை விரைவுத் தபாலில் அனுப்பும்போது, பெறுநரிடம் மட்டுமே கொடுக்கும் பதிவு வசதியையும், சேர்ந்ததற்கான சான்றையும் கவுண்டரில் தனியே கேட்டு வாங்க வேண்டும். வெறும் விரைவுத் தபாலாகப் போட்டால் வீட்டில் இருப்பவர் எவரும் வாங்கிவிடலாம். கணவரின் தாய் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, கணவருக்கு நோட்டீஸ் சேர்ந்தது என்று வாதாட வேண்டிய நிலை வரும்.